புதியவர்களுக்கான பேட்மிண்டன் கையேடு: ஸ்மாஷ், டிராப், கிளியர், சர்வீஸ் ஃபால்ட் விளக்கம் இப்படி இருந்தால் புரியுமா?

செல்வி_சர்ஜாபூர்

பெங்களூரில் எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு காலையில் பேட்மிண்டன் ஆடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதுதான் ராக்கெட் பிடிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள்தான் ஓரத்தில் உட்கார்ந்து பாயிண்ட் சொல்கிறார்கள். இவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் கடைசிப் பக்கத்தில் வரும் சொல் விளக்கம் இது:

ஸ்மாஷ்: தலைக்கு மேலே வரும் ஷட்டிலைப் பலமாக அடிப்பது.
டிராப்: ஷட்டிலை மெதுவாகத் தட்டி நெட்டுக்குப் பக்கத்தில் போடுவது.
கிளியர்: உயரமாக அடித்து எதிராளியின் பின்பக்கம் அனுப்புவது.
சர்வீஸ் ஃபால்ட்: சர்வீஸ் போடும்போது நடக்கும் தவறு. உதாரணம்: இடுப்புக்கு மேலே வைத்து அடிப்பது.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கோர்ட்டில் இறங்கினால் போதுமா? எது குறைகிறது?

நாற்காலி_நடுவர்

நல்ல வேலை. உள்ளூர் லீக் ஆட்டங்களில் சர்வீஸ் ஜட்ஜாக உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் மூன்றிலும் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஆடுகிறவருக்கு அது உதவாது. ஷட்டில் எங்கிருந்து கிளம்பியது, எந்த வழியாகப் போனது, எங்கே விழுந்தது, இந்த மூன்றையும் சொன்னால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகூட "இது டிராப்" என்று சொல்லிவிடுவார்.

ஸ்மாஷை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் உயரத்தில் வரும் ஷட்டிலை நெட்டுக்கு மேலே மட்டமாகப் பலமாக அடித்தால் அது டிரைவ். பலம் இருக்கிறது, ஸ்மாஷ் இல்லை. ஷட்டில் தலைக்கு மேலே, உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்போது அடித்து, ராக்கெட்டை விட்ட நொடியிலிருந்தே அது கீழே இறங்கினால்தான் ஸ்மாஷ்.

டிராப்பிலும் இதே கதைதான். நெட்டுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பு உயரத்தில் மெதுவாகத் தட்டிவிடுவதை டிராப் என்று உங்கள் விளக்கம் சொல்லிவிடும். அது நெட் ஷாட். டிராப் பின்கோர்ட்டிலிருந்து, தலைக்கு மேலிருந்து வருவது. கை தூக்குவது, தோள் திரும்புவது எல்லாம் ஸ்மாஷுக்கும் கிளியருக்கும் எப்படியோ அப்படியே. கடைசி நொடியில் மட்டும் வேகம் குறைந்து, எதிர்ப்பக்க முன் சர்வீஸ் கோட்டுக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ விழும். அந்தக் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கிறது. "மெதுவாகத் தட்டு" என்று படித்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே கையை மெதுவாகக் கொண்டுவருவார்கள். எதிராளி பார்த்துவிட்டு முன்னாலேயே வந்து நின்றுவிடுவார்.

சர்வீஸ் ஃபால்ட்டுக்குத் தனியாக எழுத வேண்டும். இரவு வருகிறேன்.

ஜம்ப்_ஸ்மாஷ்_ரவி

நடுவர் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் வேகத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் ஸ்மாஷில் என்ன இருக்கிறது? ஆளைத் தோற்கடிப்பதே வேகம்தான். எச்எஸ்ஆர் பக்கம் நாங்கள் ஆடும் இடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஸ்மாஷ்தான் பழக்குகிறோம். எங்கே நின்றாலும், ஷட்டில் மேலே வந்தால் அடி. கையேட்டிலும் அப்படியே போடுங்கள்.

நாற்காலி_நடுவர்

ரவி, "எங்கே நின்றாலும்" என்பதை மட்டும் போட வேண்டாம் என்பேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புதிதாக ஆடும் ஒருவர் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் ஷட்டிலைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெட்டின் உயரம் கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524. நெட்டை உரசிக்கொண்டு போக வேண்டுமானால் நெட்டை அடைவதற்குள் 95 சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் நெட்டில் மாட்டிக்கொள்ளும்.

அவர் பின்கோட்டுக்கு 1 மீட்டர் முன்னால் நிற்கிறார். அதாவது நெட்டுக்கு 5.7 மீட்டர். அவ்வளவு தூரத்தில் 95 சென்டிமீட்டர் இறங்கும் சாய்வில் ஷட்டில் நேர்கோட்டில் போனால், மீதி 1.55 மீட்டர் இறங்க இன்னும் 9.3 மீட்டர் வேண்டும். எதிர்ப்பக்கம் மொத்தமே 6.7 மீட்டர்தான். காற்று தடுப்பதால் ஷட்டில் வேகம் இழந்து உள்ளே விழுகிறது, உண்மைதான். ஆனால் நேர்கோட்டில் போகாமல் வளைந்து இறங்குகிற நேரத்தில் அதில் பாதி வேகம்கூட இருக்காது. எதிராளி நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிடுவார்.

அதே ஆள் நெட்டுக்கு 3 மீட்டரில் நின்று அடித்தால்? அதே சாய்வுக் கணக்கில் நெட்டைத் தாண்டி 4.9 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். நேர்கோட்டில் போனாலே உள்ளே. அதனால் உதாரணத்தில் இப்படிப் போடலாம்: "எதிராளி தூக்கிக் கொடுத்தது கோர்ட்டின் நடுவோடு நின்றுவிட்டது. இரண்டடி முன்னால் போய், தலைக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கி அடித்தேன். அவர் காலடியில் விழுந்தது. இது ஸ்மாஷ்."

பின்கோட்டிலிருந்து அடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பயிற்சி எடுத்தவர்கள் எகிறித் தொடும் உயரம் கூடுதல், வேகமும் கூடுதல். கையேடு அவர்களுக்கு இல்லையே.

பழைய_டபுள்ஸ்

இந்த ஊர்க்காரரான பிரகாஷ் படுகோன் 1980 ஆல் இங்கிலாந்து இறுதியில் லியெம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று ஜெயித்தார். கிங் அந்தக் காலத்தில் எகிறி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர்போனவர். பிரகாஷ் அவருக்கு அடிக்க வாகான ஷட்டிலே கொடுக்கவில்லை. கிளியரும் டிராப்புமாக அலையவிட்டார். ரவி தம்பி அதைப் பார்க்க வேண்டும்.

செல்வி அம்மா, சர்வீஸ் ஃபால்ட்டுக்கு என் பங்கு. ஷட்டில் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்பு என்றால் கடைசி விலா எலும்பின் கீழ்மட்டம், பேன்ட் பெல்ட் கட்டும் இடம் இல்லை. ராக்கெட் தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். இரட்டையரில் ஒருவர் சர்வீஸை இழந்தால் அடுத்து அவருடைய ஜோடி போடுவார், அதன் பிறகுதான் எதிர்ப்பக்கம் போகும். தப்பான பெட்டியில் நின்று போட்டுவிட்டால் பாயிண்ட் எதிரிக்கு. இவ்வளவையும் போட்டால் போதும்.

நாற்காலி_நடுவர்

ஐயா, விலா எலும்பை எடுத்துச் சொன்னதற்கு நன்றி, பெல்ட்டைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மற்றவற்றில் சில இப்போது மாறிவிட்டன.

சர்வதேசப் போட்டிகளில் 2018-லிருந்து இடுப்புக் கணக்கு இல்லை. ராக்கெட் ஷட்டிலைத் தொடும் நொடியில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். ஆள் நெட்டையோ குட்டையோ எல்லோருக்கும் ஒரே அளவு. தண்டு கீழ்நோக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே எடுபட்டது.

இரட்டையரில் இரண்டாவது ஆள் சர்வீஸ் போடும் முறை, 2006-இல் 21 பாயிண்ட் ராலி முறை வந்ததோடு போய்விட்டது. இப்போது ஃபால்ட் என்றால் உடனே எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட், சர்வீஸும் அவர்களுக்கு.

தப்பான பெட்டியிலிருந்து போடுவது இப்போது ஃபால்ட் இல்லை. தெரிந்ததும் இடத்தைச் சரிசெய்துகொள்வார்கள், அதுவரை வந்த பாயிண்ட் அப்படியே நிற்கும். இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். அடுக்ககப் போட்டிகளில் இதற்கு எடுத்த பாயிண்ட்டை அழித்து எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அல்சூர்_அம்மா

என் கேள்வி கொஞ்சம் வேறு. என் பையனுக்கு 9 வயது, உயரம் 1.30 மீட்டர். போன மாதம் ஒரு போட்டியில் அவன் சர்வீஸை வரிசையாக ஃபால்ட் என்று கூப்பிட்டார்கள். மார்புக்கு மேலே போகிறதாம். ஆனால் எதிரில் ஆடிய பையனும் அப்படியேதான் போட்டான். 1.15 மீட்டர் என்று இங்கே படித்ததும் டேப் எடுத்து அளந்தேன். என் பையனுக்கு அது தோள்பட்டைக்கும் மேலே வருகிறது! அப்படியானால் அவன் போட்டது சரிதானே? மேல்முறையீடு செய்யலாமா?

நாற்காலி_நடுவர்

அம்மா, அந்தப் போட்டியில் எந்த விதியை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் அங்கே இல்லாததால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிரில் ஆடிய பையனும் அப்படியே போட்டான் என்றால் அவனையும் கூப்பிட்டிருக்க வேண்டும், அந்த வருத்தம் நியாயம்.

ஆனால் நீங்கள் அளந்து பார்த்தது இந்த இழைக்கே முக்கியமான விஷயம். 1.15 என்பது பெரியவர்களின் உயரத்தை மனதில் வைத்துப் போட்ட கோடு. 1.30 மீட்டர் குழந்தைக்கு அது கட்டுப்பாடே இல்லை. தோள் உயரத்தில் வைத்து மட்டமாகத் தள்ளிவிடலாம். அதே கோடு 1.94 மீட்டர் உயரமுள்ள விக்டர் ஆக்செல்சனுக்கு விலா எலும்புக்கும் கீழே வரும், பழைய விதியைவிட அவருக்குக் கடினம். அதனால் செல்வி, உங்கள் ஞாயிறு ஆட்டத்தில் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு விலா எலும்புக் கணக்கையே வையுங்கள். பெரியவர்களுக்கு 1.15 பழகட்டும்.

பழைய_டபுள்ஸ்

ஒரே கையேட்டில் இரண்டு விதியா? குழப்பம் வரும். எல்லோருக்கும் விலா எலும்பு என்று வைத்துவிடுங்கள். அளவுகோல் வேண்டாம், தகராறு வேண்டாம். அவரவர் உடம்பே அளவு.

நாற்காலி_நடுவர்

அவரவர் உடம்பு அளவு என்பதில்தான் ஐயா தகராறே வந்தது. சட்டைக்குள் இருக்கும் எலும்பை இருபது அடி தள்ளி உட்கார்ந்தவர் எப்படிப் பார்ப்பார்? நிலையான கோடு வந்ததற்குக் காரணமே அதுதான்.

அளப்பதும் கஷ்டமில்லை. கம்பத்தின் உச்சி 1.55 மீட்டர். அதிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டர் கீழே ஒரு கலர் டேப் ஒட்டுங்கள், அதுதான் 1.15. பார்க்கிறவர் நின்றுகொண்டு பார்த்தால் கண் மேலே இருக்கும், ஷட்டில் கோட்டுக்குக் கீழே இருப்பதுபோலத் தோன்றும். பக்கவாட்டில், சர்வீஸ் போடுகிறவருக்கு நேராகச் சாதாரண நாற்காலி போட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்த பெரியவரின் கண் ஏறக்குறைய 1.15-க்குப் பக்கத்தில் வரும். கண்ணுக்கு நேராகத்தானே பார்க்கிறோம், அதற்கு மேலே போனால் சட்டென்று தெரியும்.

"ஷட்டில் முழுவதும்" என்பதையும் மறக்காதீர்கள். கார்க் கீழே, இறகு மேலே என்று பிடித்தால் இறகின் விளிம்பும் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஷட்டிலின் நீளம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர். கார்க்கை மட்டும் பார்த்து "கீழேதான் இருந்தது" என்று வாதாடுபவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள்.

டென்னிஸ்_முத்து

டென்னிஸிலிருந்து வந்தவன். இரண்டு சந்தேகம். சர்வீஸ் நெட்டில் உரசி உள்ளே விழுந்தால் மறுபடி போடச் சொல்ல வேண்டும்தானே? முதல் சர்வீஸ் தப்பினால் இன்னொன்று உண்டா?

செல்வி_சர்ஜாபூர்

எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் இல்லை. நடுவர் சரிபார்க்கட்டும்.

நாற்காலி_நடுவர்

சரி. பேட்மிண்டனில் நெட்டை உரசிச் சரியான பெட்டிக்குள் விழுந்தால் அது நல்ல சர்வீஸ், ஆட்டம் தொடரும். ஆனால் சர்வீஸில் ஷட்டில் நெட்டின் மேலேயே தொங்கி நின்றுவிட்டால் ஃபால்ட். ராலியில் அப்படி நின்றால் மறுபடி போடுவார்கள், சர்வீஸில் கிடையாது. இரண்டாவது வாய்ப்பும் இல்லை. ராக்கெட்டை வீசி ஷட்டிலைத் தொடாமல் விட்டாலும் ஃபால்ட்தான்.

ஜம்ப்_ஸ்மாஷ்_ரவி

கால் விஷயத்தையும் கேட்கிறேன். என் ஜோடி சர்வீஸ் போடும்போது பின்காலை இழுத்துக்கொண்டு முன்னால் வருகிறான். சில பேர் கூப்பிடுகிறார்கள், சில பேர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், முன்னால் ராக்கெட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, எதிராளி அசைந்ததும் தட்டுகிறான். அது சாமர்த்தியம்தானே?

நாற்காலி_நடுவர்

இரண்டுமே ஃபால்ட், ரவி. ராக்கெட் தலை முன்னோக்கி முதல் அசைவு அசைந்ததும் சர்வீஸ் ஆரம்பம். அங்கிருந்து ஷட்டிலைத் தொடும்வரை முன்னோக்கியே போக வேண்டும், நிறுத்தக் கூடாது. பின்னால் இழுத்து எவ்வளவு நேரம் நின்றாலும் (ரொம்பத் தாமதிக்காதவரை) தப்பில்லை, முன்னால் வர ஆரம்பித்துவிட்டு நிற்பதுதான் தப்பு.

காலைப் பொறுத்தவரை, அந்த நேரம் முழுக்க இரண்டு பாதத்திலும் ஏதாவது ஒரு பகுதி தரையில் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். குதிகால் தூக்கி விரல் நுனி ஊன்றியிருந்தால் பரவாயில்லை. இழுத்தால் ஃபால்ட். கோட்டை மிதித்து நின்றாலும் ஃபால்ட். சர்வீஸை எடுப்பவருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. சர்வீஸ் போடும் முன்பே அவர் பாய்ந்தால் அவர்மேல் ஃபால்ட்.

செல்விக்கு ஒரு உதாரணம், அப்படியே கையேட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இரட்டையர் ஆட்டம், நம் பக்கம் 14, அவர்கள் 12. நம் எண் இரட்டைப்படை என்பதால் வலது பெட்டியிலிருந்து சர்வீஸ். ஷட்டில் உயரமாகப் போய் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. ஓரத்தில் இருப்பவர் "உள்ளே" என்பார். ஆனால் இரட்டையரில் சர்வீஸுக்கு மட்டும் கடைசி 76 சென்டிமீட்டர் பட்டை வெளியே. ஆகவே ஃபால்ட், 14-13, சர்வீஸ் அவர்களுக்கு, 13 ஒற்றைப்படை என்பதால் இடது பெட்டியிலிருந்து. சர்வீஸ் எடுக்கப்பட்ட பிறகு ராலியில் அதே பட்டையில் விழுந்தால் உள்ளே. ஒற்றையர் ஆட்டத்தில் சர்வீஸுக்கும் உள்ளே.

செல்வி_சர்ஜாபூர்

இந்த உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இது தெரியாமல்தான் எங்கள் மாமனார்கள் எல்லோரும் திணறுகிறார்கள்.

மற்ற மூன்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன்:

"ஸ்மாஷ்: தலைக்கு மேலே, உடம்புக்கு முன்னால் வைத்து அடித்து, கிளம்பியதிலிருந்தே கீழே இறங்கும் அடி. பாதிக் கோர்ட்டில் மாட்டிய உயரமான ஷட்டிலுக்கு இது.

டிராப்: ஸ்மாஷ் அடிக்கப் போவதுபோலவே கை தூக்கி, பின்கோர்ட்டிலிருந்து எதிராளியின் முன் சர்வீஸ் கோட்டருகே விழவைக்கும் அடி. எதிராளி பின்கோட்டில் நிற்கும்போது போட்டால் அவர் ஓடிவர வேண்டும்.

கிளியர்: தலைக்கு மேலே வைத்து அடித்து, எதிராளியின் ராக்கெட்டுக்கு எட்டாத உயரத்தில் அவர் பின்கோட்டருகே விழவைக்கும் அடி. நான் பின்னால் மாட்டிக்கொண்டால் திரும்ப நடுவுக்கு வர நேரம் கிடைக்க இதைப் போடுவேன்."

கிளியரில் ஒரு சிக்கல். எங்கள் கோர்ட்டில் கிளியர் பழகும் பாதிப் பேரின் ஷட்டில் பின்கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. அடியில் தவறா?

அல்சூர்_அம்மா

நாங்கள் நைலான் ஷட்டில்தான் வாங்குகிறோம், டப்பா விலை குறைவு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எந்தப் பிராண்ட் நல்லது?

பழைய_டபுள்ஸ்

செல்வி அம்மா, ஷட்டில் எங்கே வாங்கினீர்கள்? சென்னையிலிருந்து யாராவது வரும்போது டப்பா டப்பாவாக வாங்கிவரச் சொல்லியிருந்தால் அதுதான் காரணம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, ஷட்டிலைத் தடுப்பதும் குறைவு. சென்னையில் கோட்டுக்குள் விழும் ஷட்டில் இங்கே வெளியே போய்விடும். இங்கே ஒரு படி மெதுவான எண்ணுள்ள ஷட்டில் வேண்டும். டப்பாவின் மேல் 76, 77 என்று போட்டிருப்பார்கள், எண் குறைய வேகம் குறையும்.

நாற்காலி_நடுவர்

ஐயா சொல்வது முழுக்கச் சரி. இதைச் சோதிக்க விதிப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. பின்கோட்டுக்கு மேலே ஷட்டிலைப் பிடித்து, கீழிருந்து மேல்நோக்கி முழுப் பலத்தோடு, பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 99 சென்டிமீட்டருக்கு மிகாமல் உள்ளே விழுந்தால் ஷட்டில் சரியான வேகம். கோட்டைத் தாண்டினால் வேகமான ஷட்டில், ஆளின் கையில் தவறில்லை. கொஞ்சம் பலமாக அடிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் செய்ய வேண்டும், பிள்ளைகள் அடித்துப் பார்த்தால் எந்த ஷட்டிலும் மெதுவாகத்தான் தெரியும்.

அம்மா, பிராண்ட் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நைலான் பழகுவதற்குப் பரவாயில்லை, நீடித்து உழைக்கும். ஆனால் இறகு ஷட்டில்போலக் கடைசியில் செங்குத்தாக இறங்காது. அதனால் நைலானில் நன்றாக விழுந்த டிராப், இறகில் நெட்டிலேயே மாட்டலாம்.

ஜம்ப்_ஸ்மாஷ்_ரவி

ஸ்மாஷ் விளக்கத்தில் "பாதிக் கோர்ட்டில் மாட்டிய ஷட்டிலுக்கு" என்று போட்டதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. பின்னாலிருந்து அடித்துப் பழகாவிட்டால் எப்போது பழகுவார்கள்? பாதி ஸ்மாஷ் அடிக்கலாமே, முழுப் பலம் இல்லாமல் கோணத்தை மட்டும் பார்த்து.

செல்வி_சர்ஜாபூர்

ரவி, பாதி ஸ்மாஷைத் தனி வரியாக அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன். பின்கோட்டு விஷயத்தை ஞாயிறன்று இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சர்வீஸ் உயரத்துக்குப் பிள்ளைகளுக்கு விலா எலும்பு, பெரியவர்களுக்கு 1.15 என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். 13, 14 வயதில் 1.55 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிள்ளைகளை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பழைய_டபுள்ஸ்

அதற்குத்தான் ஒரே விதி என்றேன்.

நாற்காலி_நடுவர்

அவர்கள் எந்தப் போட்டிக்குப் போகிறார்களோ அங்கே எந்த விதி என்று கேட்டு அதையே பழக்குங்கள். போட்டிக்குப் போகாதவர்கள் என்றால் பெரியவர்களோடு 1.15. அந்த உயரத்துக்கு அது விலா எலும்பைவிடக் கொஞ்சம் மேலேதான் வரும், சிரமம் இருக்காது. டேப்பைக் கம்பத்தின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் நெட்டின் கயிறு மறைத்துவிடும்.